லாலாகுடா கிடங்கும் ஆயிரத்து இருநூறு பிரேக் பிளாக்கும்

செகந்திராபாத்தில் ரயிலை விட்டு இறங்கிக் கிழக்குப் பக்கம் போனால் லாலாகுடா வரும். நிஜாம் காலத்து ரயில்வே நிறுவனம் 1893-இல் இங்கே ஒரு பணிமனையைத் தொடங்கியது. இன்று அது தென்மத்திய ரயில்வேயின் பெட்டிப் பணிமனை. குறிப்பிட்ட காலம் ஓடி முடித்த பயணிகள் பெட்டிகள் முழுப் பராமரிப்புக்காக இங்கே வந்து சேர்கின்றன. பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் செய்து அனுப்பிய பெட்டிகளும் அவற்றில் அடக்கம். இந்த வேலைக்கு வேண்டிய திருகாணியிலிருந்து சக்கரத்தின் தாங்கி உருளை வரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக் கொடுப்பதற்கு லாலாகுடாவில் ஒரு பொதுப் பண்டகக் கிடங்கும் உண்டு.

ரயில்வேயின் பண்டகத் துறைத் தேர்வுகளிலும், பி.காம் வகுப்பின் அடக்கவிலைக் கணக்கியல் தாளிலும், செலவுக் கணக்காளர் தேர்விலும் தவறாமல் தலைகாட்டும் கேள்வி ஒன்றை இந்தக் கிடங்கின் கண்ணோடு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. கேள்வியை லாலாகுடாவுக்கு ஏற்றபடி நானே அமைத்திருக்கிறேன். எண்கள் கணக்குக்காக வைத்தவை. கிடங்கின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை அல்ல.

ஒரு பணிமனைக்கு ஆண்டுக்கு 12,000 பிரேக் பிளாக்குகள் தேவை. ஒன்றின் விலை ₹150. ஒரு தடவை ஆணை போட்டுப் பொருளை வரவழைக்க ஆகும் செலவு ₹1,800. கையிருப்பை வைத்துக் காப்பதற்கு ஆண்டுக்கு அதன் மதிப்பில் 20 விழுக்காடு செலவாகிறது. சிக்கன ஆணை அளவு என்ன? ஆண்டுக்கு எத்தனை ஆணைகள்? மொத்த ஆண்டுச் செலவு எவ்வளவு?

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் உடனே எழுதிவிடுவார்கள்:

```
Q = √(2AO / C)
  = √(2 × 12,000 × 1,800 / 30)
  = √14,40,000
  = 1,200
```

A என்பது ஆண்டுத் தேவை, O ஓர் ஆணைக்கான செலவு. C என்பது ஒரு பிளாக்கை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு. 150 ரூபாயில் 20 விழுக்காடு, அதாவது 30 ரூபாய். தடவைக்கு 1,200 வாங்கினால் ஆண்டுக்கு 12,000 ÷ 1,200 = 10 ஆணைகள். சுமார் முப்பத்தாறரை நாளுக்கு ஒன்று. ஆணைச் செலவு 10 × 1,800 = ₹18,000. இருப்பு 1,200-இல் தொடங்கிச் சீராகக் கரைந்து சுழிக்கு வருவதால் சராசரி இருப்பு 600; அதைக் காக்க 600 × 30 = ₹18,000. இரண்டும் சேர்ந்து ₹36,000. பிளாக்குகளின் விலை ₹18,00,000-ஐயும் கூட்டினால் ₹18,36,000.

முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் இந்த விடையில் கவனிக்க வேண்டியது 1,200 என்ற எண் அல்ல. ஆணைச் செலவும் காப்புச் செலவும் துல்லியமாக ஒன்றாக, 18,000-ஆக, வந்து நின்றதே. இது தற்செயல் இல்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் சூத்திரம் மறந்துபோனாலும் விடையைக் கண்டுபிடித்துவிடலாம்.

தடவைக்கு 3,000 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 ஆணைகள், செலவு ₹7,200. சராசரி இருப்பு 1,500, காப்புச் செலவு ₹45,000. மாதம் ஒரு முறை 1,000 வாங்கினால் ஆணைச் செலவு ₹21,600, காப்புச் செலவு ₹15,000. இப்போது இந்த இரண்டு சோடிகளையும் பெருக்கிப் பாருங்கள். 7,200 × 45,000 என்பது 32 கோடியே 40 லட்சம். 21,600 × 15,000 என்பதும் அதே 32 கோடியே 40 லட்சம். 18,000 × 18,000-உம் அதுதான். ஆணை அளவை இரட்டித்தால் ஒரு செலவு பாதியாகிறது, மற்றது இரட்டிக்கிறது. பெருக்குத்தொகை அசைவதே இல்லை.

ஆகவே கேள்வி பழைய வடிவியல் கேள்வியாக மாறிவிடுகிறது. பரப்பு மாறாத செவ்வகங்களில் எதற்குச் சுற்றளவு மிகக் குறைவு? சதுரத்துக்கு. ஒரே பரப்புள்ள வயலுக்கு வேலி போடுகிறவர், நீண்டு ஒடுங்கிய வயலைவிடச் சதுர வயலுக்குக் குறைந்த முள்கம்பி போதும் என்பதை அறிவார். இரண்டு செலவுகளும் சமமாகும் இடத்தில் அவற்றின் கூட்டுத்தொகை மிகக் குறைவு. நுண்கணிதம் இல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

இந்தச் சமநிலை விடையைச் சரிபார்க்கவும் உதவும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாணவர்கள் மிக அதிகமாகச் சறுக்குவது கால அலகில். கேள்வியில் தேவையை மாதத்துக்கு 1,000 என்று கொடுத்து, காப்புச் செலவை மட்டும் ஆண்டு விழுக்காட்டில் கொடுத்திருப்பார்கள். அவசரத்தில் 12,000-க்குப் பதில் 1,000-ஐப் போட்டால் விடை சுமார் 346 என்று வரும். இப்போது ஆண்டு முழுவதற்கும் செலவைப் போட்டுப் பார்த்தால் சுமார் 35 ஆணைகள். ஆணைச் செலவு ஏறத்தாழ ₹62,350, காப்புச் செலவு ₹5,200. சமன் இல்லை, தவறு தானே வெளியே வந்துவிட்டது. ஆனால் செலவையும் அதே 1,000-ஐ வைத்தே போட்டிருந்தால் இரு பக்கமும் அழகாகச் சமன்பட்டிருக்கும், தவறு ஒளிந்திருக்கும். 20 விழுக்காட்டை 20 ரூபாய் என்று எடுத்துக்கொண்டவருக்கும் இதே கதிதான்: விடை 1,470, இரு செலவுகளும் சமன், அத்தனையும் பிழை. அதனால் சரிபார்க்கும்போது சூத்திரத்தில் போட்ட எண்களை எடுக்கக் கூடாது. கேள்வித்தாளுக்குத் திரும்பிப் போய் அங்கிருக்கும் எண்களை எடுக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தை முதலில் அச்சில் தந்தவரே மாதக் கணக்கில்தான் தந்தார். அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913 பிப்ரவரியில் ‘ஃபேக்டரி’ என்ற மேலாண்மை இதழில் இதை எழுதினார். மாதத் தேவையையும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்ற வட்டியையும் எடுத்துக்கொண்டதால் அவருடைய சூத்திரத்தின் வேர்க்குறிக்குள் 240 என்ற எண் இருக்கும். 2-ஐப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கிப் பத்து விழுக்காட்டால் வகுத்தால் 240. அலகு மாற்றத்தை அவர் சூத்திரத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டார். பின்னாளில் அந்தக் கட்டுரை கண்ணுக்குத் தப்பிப்போனது. 1934-இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய ஆர். எச். வில்சனின் பெயரே சூத்திரத்துக்கு ஒட்டிக்கொண்டது. 1980-களின் இறுதியில் டொனால்ட் எர்லன்காட்டர் என்ற ஆய்வாளர் பழைய இதழைத் தேடியெடுத்த பிறகே ஹாரிஸின் முதன்மை மீண்டும் நிலைபெற்றது. நம் பாடநூல்கள் சிலவற்றில் இன்னும் ‘வில்சன் சூத்திரம்’ என்றே இருப்பதற்கு இதுதான் காரணம்.

இனி 1,200-க்கு வருவோம். அந்த எண்ணைக் கிடங்கு எவ்வளவு மதிக்க வேண்டும்? மேலே மாதம் ஒரு முறை 1,000 வாங்கிய கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: ₹36,600. மிகச் சிக்கனமான அளவைவிட ஆண்டுக்கு 600 ரூபாய்தான் கூடுதல். தடவைக்கு 1,500 வாங்கினால் ₹36,900. அதாவது ஆணை அளவு 25 விழுக்காடு கூடிப்போனாலும் செலவு இரண்டரை விழுக்காடே கூடுகிறது. இரட்டித்து 2,400 வாங்கினால்தான் ₹45,000 என்று கால் பங்கு ஏறுகிறது. செலவுக் கோட்டின் அடிப்பகுதி கிணறு போலச் செங்குத்தாக இல்லை. ஏரிப்படுகை போல அகன்று கிடக்கிறது.

பின்னமாக வரும் விடைகளுக்கும் இதே பதில்தான். விலை ₹150-க்குப் பதில் ₹160 என்றிருந்தால் சிக்கன அளவு 1,161.9, ஆணைகள் 10.33. ‘பத்தேகால் சொச்சம் ஆணை எப்படிப் போடுவது?’ என்று தேர்வறையில் திகைப்பவர்கள் உண்டு. 10.33 என்பது பல ஆண்டுகளின் சராசரி. மார்ச் 31-உடன் சுழற்சி முடிந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முழு எண்தான் வேண்டும் என்றால் 1,200 வீதம் பத்து ஆணைகள் போடலாம். செலவு ₹37,181-இலிருந்து ₹37,200 ஆகும். பத்தொன்பது ரூபாய் வித்தியாசம். முழுமையாக்கியதை விடைத்தாளில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

கோடு இப்படித் தட்டையாக இருப்பதால் உள்ளே போடும் எண்கள் ஓரளவு பிசகினாலும் பெரிய கேடு வராது. ஓர் ஆணையின் உண்மையான செலவு ₹1,800 அல்ல, ₹3,600 என்று பின்னால் தெரியவருகிறது என்று கொள்வோம். 1,200 வீதமே வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஆண்டுச் செலவு ₹54,000. சரியான அளவில் வாங்கியிருந்தால் சுமார் ₹50,900. ஓர் எண்ணையே இரட்டைப் பங்கு தவறாகக் கணித்தும் நட்டம் ஆறு விழுக்காடுதான். ஹாரிஸின் சூத்திரம் நூறாண்டு கடந்தும் கிடங்குகளில் நிலைத்ததற்கு அதன் துல்லியத்தைவிட இந்தப் பொறுமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. எண்ணைத் தவறாகக் கணித்தால் சூத்திரம் பொறுத்துக்கொள்ளும். எதை எண்ணுகிறோம் என்பதையே தவறாகப் புரிந்துகொண்டால் பொறுக்காது. ‘ஓர் ஆணைக்கான செலவு’ என்ற சொற்றொடர் லாலாகுடாவில் எதைக் குறிக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

அரசுக் கொள்முதலில் ஆணை என்பது கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்வது அல்ல. தேவை மதிப்பீடு தயாராகி, நிதிப் பிரிவு பார்த்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, வந்த விலைகளை ஒப்பிட்டு, கொள்முதல் ஆணை வெளியாக வேண்டும். இதற்கெல்லாம் மனித உழைப்பு நாட்கணக்கில் போகிறது. பிறகு சரக்கு வரும்போது இறக்கி, எண்ணி, தரம் பார்த்து, கணக்கில் ஏற்றுவது இன்னொரு செலவு. முதல் வகை, டெண்டருக்கு ஒரு முறை. இரண்டாம் வகை, லாரி வரும் ஒவ்வொரு முறையும். பெரிய அளவில் தேவைப்படும் பொருளுக்கு ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே டெண்டரில் முடித்து, சரக்கைத் தவணை தவணையாக வரவழைக்க ரயில்வேயில் வழி இருக்கிறது.

நம் ₹1,800-ஐப் பிரிப்போம். அதில் ₹1,350 டெண்டர் வேலைக்கு, ₹450 சரக்கைப் பெற்று ஆய்வு செய்வதற்கு என்று வையுங்கள். ஆண்டுக்கு ஒரே டெண்டர் என்றால் அந்த ₹1,350 எத்தனை தவணை வந்தாலும் மாறாது. தவணை அளவைத் தீர்மானிப்பதில் அதற்கு இடமில்லை. சூத்திரத்துக்குள் போக வேண்டியது ₹450 மட்டும். 2 × 12,000 × 450 ÷ 30 என்பது 3,60,000. அதன் வேர் 600. ஆண்டுக்கு 20 தவணைகள். பெறும் செலவு ₹9,000, காப்புச் செலவு ₹9,000, டெண்டர் ₹1,350. மொத்தம் ₹19,350.

₹36,000 எங்கே, ₹19,350 எங்கே! சூத்திரம் மாறவில்லை, தேவை மாறவில்லை, விலை மாறவில்லை. ‘ஆணை’ என்ற சொல்லுக்குள் ஒட்டிக்கிடந்த இரண்டு வேலைகளைப் பிரித்ததில் மட்டுமே செலவு ஏறத்தாழ பாதியானது. பாடநூல்கள் ஆணைச் செலவு ஒன்றை எண்ணாகக் கையில் கொடுத்துவிடுகின்றன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவரைக் கேட்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. கணக்கின் ஆதாயம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விலைச் சலுகை வரும்போது இன்னொரு விதமான கவனம் வேண்டும். வழங்குநர், ‘தடவைக்கு 3,000-க்குக் குறையாமல் எடுத்தால் விலையில் 2 விழுக்காடு கழிவு’ என்கிறார் என்று கொள்வோம். ஆணைச் செலவையும் காப்புச் செலவையும் மட்டும் பார்ப்பவர் ₹36,000-ஐ ₹51,300-உடன் ஒப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். பிளாக்கின் விலை ₹147 ஆகிவிட்டதே! கொள்முதல் ₹17,64,000, ஆணைகள் ₹7,200, காப்பு ₹44,100, மொத்தம் ₹18,15,300. பழைய ₹18,36,000-ஐவிட ₹20,700 குறைவு. சலுகை இல்லாதபோது கொள்முதல் விலையைக் கூட்டினாலும் விட்டாலும் ஆணை அளவு மாறாது. சலுகை வந்துவிட்டால் அதை விடவே முடியாது. கேள்வியில் ‘மொத்த ஆண்டுச் செலவு’ என்று பொதுவாக இருந்தால் இரண்டு தொகைகளையும் பெயரிட்டு எழுதிவிடுவதே பாதுகாப்பு.

இதுவரை சரக்கு கேட்ட நொடியில் வந்துவிடுவதாகப் பாவித்தோம். உண்மையில் சரக்கு வரக் காலம் பிடிக்கும். ஆணைக்கும் வரவுக்கும் இடையே இரண்டு மாதம் என்றும், எதிர்பாராத் தாமதத்துக்காக ஒரு மாதத் தேவையான 1,000 பிளாக்குகளை எப்போதும் ஒதுக்கி வைப்பதாகவும் கொள்வோம். பெட்டிகளின் ஓட்டம் இதைச் சார்ந்திருப்பதால் பிரேக் பிளாக் போன்ற பாதுகாப்புப் பொருளில் இந்த ஒதுக்கு இருப்பு இல்லாமல் இருக்க முடியாது. சிக்கன அளவு அதே 1,200-தான். தாமதமோ ஒதுக்கோ அதைத் தொடுவதில்லை. மறு ஆணை மட்டம் மட்டும் இரண்டு மாதத் தேவை 2,000-உம் ஒதுக்கு 1,000-உம் சேர்ந்து 3,000 ஆகிறது.

இங்கே ஒரு புதிர் எழும். சரக்கு வரும்போது இருப்பு ஒதுக்கு மட்டமான 1,000-இல் இருக்கும். 1,200 வந்து சேர்ந்ததும் 2,200. இதற்கு மேல் அலமாரி நிறையவே நிறையாது. இருப்பு 3,000-க்கு இறங்கும்போது ஆணை போடு என்று சொன்னால், ஒருபோதும் 3,000-ஐ எட்டாத அலமாரியில் அந்த நாளை எப்படிக் கண்டுபிடிப்பது? அலமாரியில் தொங்கும் இருப்பு அட்டையை மட்டும் பார்க்கும் புது எழுத்தருக்கு எந்நேரமும் பற்றாக்குறையாகவே தெரியும். அவர் மேலும் மேலும் ஆணை போடுவார். இரண்டு மாதம் கழித்து எல்லாம் ஒன்றாக வந்து குவியும்.

ரயில்வே கிடங்குக்காரர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: டியூஸ். ஆணை போட்டு இன்னும் வராத சரக்கு. அவர்கள் இருப்பை மட்டும் தனியே பேசுவதில்லை; இருப்பையும் டியூஸையும் சேர்த்தே பேசுவார்கள். நம் கணக்கில் ஆணை போட வேண்டிய நாளில் அலமாரியில் 1,800 இருக்கும். முந்தைய ஆணையின் 1,200 இன்னும் வழியில் இருக்கும். கூட்டினால் 3,000. அன்றுதான் ஆணை. அடுத்த 24 நாளில் 800 பிளாக் செலவாகி அலமாரி 1,000-க்கு வரும்போது அந்தப் பழைய 1,200 கேட்டுக்குள் நுழையும். ஆணை அளவைவிடத் தாமத காலத் தேவை பெரிதாக இருக்கும் எந்தக் கேள்வியிலும் இந்தக் கூட்டல் வேண்டும். தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் இதைத் தொடாமல் நழுவிவிடுகின்றன.

ஒதுக்கு இருப்பு மொத்தச் செலவை என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். சராசரி இருப்பு 600 என்று நின்றது இப்போது 1,600 ஆகிறது. கூடுதல் 1,000 பிளாக்குகள் ஆண்டு முழுவதும் அசையாமல் கிடப்பதால் அவற்றுக்குப் பாதியாக்கும் சலுகை கிடையாது; 1,000 × 30 = ₹30,000. ஆண்டுச் செலவு ₹36,000-இலிருந்து ₹66,000-க்குத் தாவுகிறது. ரயில்வே தன் கிடங்குகளை அளக்கும் முறையில் சொன்னால், கையிருப்பு ஆண்டு வழங்கலில் 5 விழுக்காடாக இருந்தது 13-ஐத் தாண்டுகிறது.

1,200-ஐ 1,000 ஆக்குவதா 1,500 ஆக்குவதா என்பதில் போவதும் வருவதும் சில நூறு ரூபாய். வழங்குநர் சொன்ன தேதியில் சரக்கை அனுப்புகிறாரா என்பதில் தங்கியிருக்கும் ஒதுக்கு இருப்பு முப்பதாயிரம் ரூபாய். தாமதம் சீராகி ஒதுக்கை ஒரு மாதத்திலிருந்து பதினைந்து நாளாகக் குறைக்க முடிந்தால் ஆண்டுக்கு ₹15,000 மிஞ்சும். அந்தப் பதினைந்தாயிரம் வேர்க்குறிக்குள் எங்கும் இல்லை. வழங்குநரின் வண்டி லாலாகுடா கேட்டுக்கு வந்து சேரும் தேதிகளில் இருக்கிறது.